இரண்டு தலைப்பா, ஒரே கேள்வியா? தூண் பக்கத்தைத் திட்டமிடும் விதம்

வீட்டுத் தோட்டத்தில் மட்கு உரம் தயாரிப்பது பற்றி நம் இணையதளத்தில் ஒரு கட்டுரைத் தொகுப்பு எழுதப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் எல்லாவற்றையும் அறிமுகப்படுத்தும் ஒரு பெரிய பக்கம். இதைத்தான் பில்லர் பேஜ், அதாவது தூண் பக்கம் என்கிறார்கள். அதைச் சுற்றி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு துணைக் கட்டுரை. உட்கார்ந்த சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும்: உரக்குவியல் ஏன் நாறுகிறது, நாற்றத்தைப் போக்குவது எப்படி, குவியல் ஏன் சொதசொதவென்று இருக்கிறது, உரம் எத்தனை நாளில் தயாராகும், தயாராகிவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது.

ஐந்து தலைப்புகள். ஆனால் கேள்விகள் ஐந்தல்ல.

இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அதன் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பேன். ஏன் நாறுகிறது? ஈரம் அதிகமாகி உள்ளே காற்று போகாததால். எப்படிப் போக்குவது? காய்ந்த இலைகளைச் சேர்த்து, குவியலைக் கிளறிக் காற்று புகவிட வேண்டும். ஏன் சொதசொதவென்று இருக்கிறது? பச்சைக் கழிவு கூடி, காய்ந்த பொருள் குறைந்ததால். அதற்கும் காய்ந்த இலைதான் வழி. காரணத்தைக் கேட்டவருக்குத் தீர்வும் வேண்டும், தீர்வைத் தேடுபவருக்குக் காரணமும் வேண்டும். ஆக, இந்த மூன்றும் ஒரே கட்டுரை. கடைசி இரண்டிலும் 'தயார்' என்ற சொல் இருந்தாலும் பதில்கள் வேறு. ஒன்று குவியலின் அளவையும் எத்தனை முறை கிளறுகிறோம் என்பதையும் பொறுத்த கால அளவு. மற்றது கறுத்த நிறம், மண்வாசனை, கிளறினாலும் மறுபடி சூடேறாத குவியல் என்கிற அடையாளங்கள். தலைப்புகளைச் சொற்களை வைத்துப் பிரித்தால் தப்பாகிவிடும். பதிலை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

நம் கணிப்பைச் சரிபார்க்கத் தேடுபொறியே உதவும். இரண்டு தலைப்புகளையும் தனித்தனியாகத் தேடி, முதல் 10 முடிவுகளை ஒப்பிடுங்கள். பாதிக்குப் பாதி அதே பக்கங்கள் வந்தால், தேடுபொறி அவற்றை ஒரே கேள்வியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒன்றிரண்டு மட்டும் பொதுவாக இருந்தால் தாராளமாகப் பிரிக்கலாம். இது வேலை செய்பவர்களின் கைக்கணக்கு, விதி அல்ல. தமிழில் பல விஷயங்களுக்குப் பக்கங்களே குறைவு என்பதால், வேறு வேறு கேள்விகளுக்கும் அதே நாலு பக்கங்கள் வரக்கூடும். அப்போது ஒரு வாக்கியப் பதிலையே நம்புங்கள்.

ஒரே கேள்விக்கு நம்முடைய இரண்டு பக்கங்கள் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? எதை முன்னால் காட்டுவது என்று தேடுபொறிதான் தேர்ந்தெடுக்கும். அது நாம் நினைத்த பக்கமாக இருக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தரும் இணைப்புகளும் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்வரிசையை நிறைத்துவிடலாம் என்றும் எண்ண முடியாது. 2019 ஜூனில் செய்த மாற்றத்திலிருந்து, முதன்மை முடிவுகளில் ஒரே தளத்தின் பக்கங்களைப் பொதுவாக இரண்டுக்கு மேல் கூகுள் காட்டுவதில்லை.

தூண் பக்கமே துணைக் கட்டுரைகளோடு மோதுவதும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. "மட்கு உரம் தயாரிப்பது எப்படி?" என்பது தூண் பக்கத்தின் சொந்தக் கேள்வி. நாற்றத்தைப் பற்றி அங்கே இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி, "உரக்குவியல் நாறினால் என்ன செய்வது" என்ற சொற்களிலேயே துணைக் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதினால் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று வாசகருக்கும் தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. ஆர்வத்தில் நாற்றத்தைப் பற்றி ஆறு பத்தி எழுதிவிட்டால், துணைக் கட்டுரைக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது. துணைக் கட்டுரையிலிருந்து தூண் பக்கத்துக்கும் ஒரு இணைப்பு வேண்டும்.

வெளியிட்டுச் சில மாதங்கள் ஆனதும், நம் தளம் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கூகுளின் Search Console கருவியில் Performance அறிக்கையைத் திறந்து, Queries பட்டியலில் ஒரு தேடல் சொல்லைச் சொடுக்குங்கள். அப்புறம் Pages பகுதிக்குப் போனால், அந்தத் தேடலுக்கு நம் பக்கங்களில் எவையெல்லாம் தோன்றின என்று தெரியும். இரண்டு பக்கங்கள் இருப்பதாலேயே கவலைப்பட வேண்டாம். இரண்டும் மேலேயே நிலையாக நின்றால் விட்டுவிடலாம். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் இன்னொன்று என்று மாறி மாறி வந்து, இரண்டுமே மேலே ஏறாமல் கிடந்தால்தான் மோதல் என்று அர்த்தம். அப்போது இரண்டிலும் உள்ள நல்ல பகுதிகளை வலுவான பக்கத்தில் சேர்த்துவிட்டு, மற்றதன் முகவரிக்கு வருபவர்களை 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் அதற்கு அனுப்பிவிடுங்கள். வெறுமனே அழித்துவிட்டால் அந்தப் பழைய முகவரிக்கு வந்த இணைப்புகளெல்லாம் வீணாகிவிடும்.