வில்லங்கச் சான்றில் அறுந்து நிற்கும் இடம்: வாரிசுகளும் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டியது

வில்லங்கச் சான்று என்பது ஒரு பட்டியல். நீங்கள் கொடுத்த சர்வே எண்ணின் மேல், நீங்கள் கொடுத்த இரண்டு தேதிகளுக்கு நடுவில், சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்று அது வரிசையாகச் சொல்லும். கிரையம், அடமானம், அடமானம் தீர்ந்த ரசீது, செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலை எல்லாம் அதில் வரும். பதிவு ஏதாவது இருந்தால் படிவம் 15, ஒன்றுமே இல்லையென்றால் படிவம் 16. நிலம் இன்று யாருக்குச் சொந்தம் என்று எந்த வரியிலும் எழுதியிருக்காது. அதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், முந்தைய ஆவண எண், சொத்தின் விஸ்தீரணம், எல்லைகள் இருக்கும். முதல் பத்திரத்தில் எழுதி வாங்கியவர் அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவராக இருக்க வேண்டும். அவரிடம் வாங்கியவர் அதற்கடுத்ததில் கொடுப்பவராக இருக்க வேண்டும். இப்படியே கடைசி வரை விரல் வைத்துக்கொண்டே வாருங்கள். எங்கே பெயர் தொடர்பில்லாமல் மாறுகிறதோ, அங்கே பெரும்பாலும் ஒரு மரணம் இருக்கிறது. சாவு பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. வாரிசுரிமை பத்திரமில்லாமலே இறங்கிவிடும். நிலத் தகராறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஓர் உதாரணம். ஒருவர் 1984இல் சர்வே எண் 45/2இல் ஒரு ஏக்கர் கிரையம் வாங்குகிறார். 1996இல் அதை வங்கியில் அடமானம் வைக்கிறார். 2009இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு மகன்கள், கல்யாணமாகிப் போன ஒரு மகள் இருக்கிறார்கள். பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறுகிறது. 2014இல் அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு முழு ஏக்கரையும் விற்கிறார். இன்று அந்த நிலம் உங்களிடம் விலைக்கு வருகிறது.

வில்லங்கம் போட்டால் மூன்றே பதிவுகள்: 1984 கிரையம், 1996 அடமானம், 2014 கிரையம். அவசரத்தில் பார்ப்பவருக்குச் சுத்தமாகத் தெரியும். ஆனால் 1984இல் வாங்கியவர் அப்பா. 2014இல் கொடுத்தவர் மகன். நடுவில் விடுதலையோ பாகப்பிரிவினையோ செட்டில்மெண்டோ இல்லை. அவர்கள் இந்துக்கள், நிலம் அப்பாவின் சுயசம்பாத்தியம் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி நான்கு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு 25 சென்ட். மூத்த மகன் தன் கால் பங்கை மட்டுமே விற்க முடியும். அம்மா, தம்பி, தங்கை பங்குகள் 75 சென்ட்டும் அப்படியே நிற்கின்றன. பட்டா அவர் பெயரில் இருந்தது இதை மாற்றாது. இப்படிப்பட்ட நிலத்தை வாங்குவதானால், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றைக் கேட்டு, அதில் உள்ள மற்ற மூவரிடமிருந்தும் பதிவு செய்த விடுதலைப் பத்திரமோ, அவர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட கிரையமோ இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

1996 அடமானத்துக்கும் எதிரே ஒரு ரசீது பத்திரம் இருக்க வேண்டும். கடன் எப்போதோ கட்டி முடிக்கப்பட்டிருக்கலாம். ரசீது பதிவாகவில்லையென்றால் அடமானம் வில்லங்கத்தில் நின்றுகொண்டேயிருக்கும். வங்கியின் கடன் முடிந்த கடிதம் மட்டும் அந்த வரிக்குப் பதிலாகாது. வங்கி ரசீது எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டும். அப்பா போன பிறகு இதற்கு அலைய வேண்டியவர்கள் வாரிசுகள்தான் என்பதால், விற்பதற்கு விலை பேசும் முன்பே அவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எப்படிப் போடுவது? tnreginet.gov.in தளத்தில் மின்னணு சேவைகள் என்பதற்குள் வில்லங்கச் சான்று பார்வையிடும் பகுதி இருக்கிறது. மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதிகள், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பட்டியல் வரும். பார்க்கக் கட்டணம் இல்லை. பல அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் கணினியில் உள்ளன. அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும்.

தவறு நடப்பது இந்த விவரங்களைக் கொடுக்கும்போதுதான். நம் உதாரணத்தில் நிலம் பின்னாளில் உட்பிரிவு ஆகி 45/2பி ஆகியிருக்கும். பட்டாவைப் பார்த்து 45/2பி என்று மட்டும் தேடினால் பழைய கிரையமும் அடமானமும் வராமல் போகலாம், ஏனென்றால் அவை 45/2 என்றே பதிவானவை. இரண்டு எண்ணுக்கும் தனித்தனியே போட வேண்டும். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்ணே மாறியிருந்தால் பழைய எண்ணுக்கும் போட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகம் இரண்டாகப் பிரிந்த ஊர்களில், பிரிவதற்கு முன்பு நடந்தவை தாய் அலுவலகத்தின் கணக்கில் இருக்கக்கூடும். தேடல் சரியா என்று அறிய ஒரு நல்ல சோதனை உண்டு: கையில் இருக்கும் மூலப்பத்திரத்தின் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தப் பத்திரம் பட்டியலில் வரவில்லையென்றால் எண்ணோ கிராமமோ அலுவலகமோ தவறு. அப்போது வரும் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்ற பதிலுக்கு அர்த்தமே இல்லை. பட்டியலில் வந்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் நகல் வாங்கி எல்லையையும் பரப்பையும் ஒப்பிடுங்கள்; 45/2இல் பக்கத்துக்காரரின் கிரையங்களும் சேர்ந்தே வரும்.

வாரிசுகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், அப்பா உயிரோடு இருந்தபோதே யாருக்காவது செட்டில்மெண்ட் எழுதிவிட்டாரா என்பதை வில்லங்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். உயில் மட்டும் அதில் வராது. பதிவு செய்த உயில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும்; எழுதியவர் இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் அதன் நகல் கேட்டு மனு செய்யலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்பதால், அங்கேயும் இல்லையென்பது உயிலே இல்லை என்று ஆகிவிடாது. வாய்மொழிப் பாகம், பதியாத ஒப்பந்தம், பதிவு அலுவலகத்துக்கு வந்து சேராத நீதிமன்ற வழக்கு இவையும் வில்லங்கத்தில் தெரியாதவை. வழக்கு இருக்கிறதா என்பதை அந்தப் பகுதி நீதிமன்றங்களில் வழக்கறிஞர் மூலம் தனியே தேட வேண்டும்.

கடைசியாகத் தேதி விஷயம். எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவான பின் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் 47ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. அதாவது விற்பவர் இரண்டு மாதத்துக்கு முன் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைய வில்லங்கம் வெறுமையாகவே இருக்கும்; எழுதி வாங்கிய அந்த வேறொருவர் அடுத்த மாதம் பதிந்தாலும் அவருடையதே முந்தியது. இதற்கு வில்லங்கச் சான்றில் தீர்வு இல்லை. அசல் மூலப்பத்திரம் விற்பவர் கையில் இருக்கிறதா, நிலத்தில் உழுபவர் யார் என்று நேரில் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் நாளிலும் கிரையத்தன்று காலையிலும் வில்லங்கத்தைத் திரும்பப் போடுங்கள். கிரையம் முடிந்த பிறகு ஒருமுறை போட்டு, உங்கள் பத்திரம் சரியான சர்வே எண்ணிலும் உட்பிரிவிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தவறாக ஏறியிருந்தால் உடனே சார்பதிவாளரிடம் எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள்.