தொப்பியை ஆளுக்கொன்றாகப் பங்கு போடாதீர்கள்

போன வாரம் இன்னொரு குழு வந்தது. இறுதியாண்டு புராஜெக்டுக்கு மூன்று யோசனைகளைச் சலித்து வைத்திருந்த ஐந்து மாணவர்கள். "ஆறு தொப்பி முறையிலதான் சார் பேசினோம், கடைசியில சண்டையாயிடுச்சு" என்றார்கள். ஆறு நிறத் தொப்பிகள், ஒவ்வொரு நிறமும் ஒரு கோணத்தில் யோசிப்பதற்கு, அதுதான் அந்த முறை. எப்படிப் பேசினீர்கள் என்று கேட்டால் அதே பழைய கதை: ஒருவனுக்குக் கறுப்பு, ஒருத்திக்கு மஞ்சள், இன்னொருவனுக்குப் பச்சை. கறுப்புக்காரன் ஒரு மணி நேரம் குறையே சொல்லிக்கொண்டிருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்?

எட்வர்ட் டி போனோ 1985இல் இதைப் புத்தகமாக எழுதியதே இந்த மாதிரி வாக்குவாதத்தைத் தவிர்க்கத்தான். ஒரு நேரத்தில் ஒரு நிறம், எல்லோருக்கும் அதே நிறம். கறுப்பு என்றால் அந்த யோசனையைக் கொண்டுவந்தவளும் சேர்ந்து அதில் ஓட்டை தேட வேண்டும். மஞ்சள் என்றால் அது பிடிக்காதவனும் ஒரு நன்மையாவது சொல்லியாக வேண்டும். "அவன் எப்பவும் கறுப்புத் தொப்பி சார்" என்று ஆளுக்குப் பட்டம் கட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

சரி, அவர்களை மறுபடி உட்கார வைத்தேன். நீலத் தொப்பி, அதாவது நேரத்தையும் வரிசையையும் பார்த்துக்கொள்ளும் வேலை, ஒரு பெண்ணிடம். ஆளுக்கு ஒரு நிமிடக் கணக்கில் நிறத்துக்கு ஐந்து நிமிடம். முதலில் எடுத்தது விடுதித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளும் கருவி.

வெள்ளையில் தெரிந்த தகவல் மட்டும். தொட்டி எத்தனை என்பது தெரிந்தது, வாரத்தில் எத்தனை நாள் வழிகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அதைத் தனியாக எழுதி வைத்தோம். மஞ்சளில் தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் என்றார்கள். கறுப்பில்தான் விஷயம் வெளியே வந்தது: மூடிய தொட்டிக்குள் ஆவி படிந்து, சாதாரண அல்ட்ராசோனிக் சென்சார் தப்பான அளவு காட்டும், மொட்டை மாடிக்கு வைஃபையும் எட்டாது. இதைச் சொன்னது அந்த யோசனையைக் கொண்டுவந்த பையனேதான். முதல் கூட்டத்தில் வாயே திறக்கவில்லையாம், சொன்னால் தன் கட்சி தோற்றுவிடும் என்று.

அடுத்து பச்சை, புது வழி தேடும் நிறம். கறுப்புக்குப் பிறகு பச்சை வைக்காத குழுக்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், நல்ல யோசனை அங்கேயே செத்துப்போகும். இங்கே ஒருத்தி, சென்சாரே வேண்டாம், மிதவை சுவிட்ச் போட்டு மோட்டார் அறை வரை வயர் இழுத்துவிடலாம் என்றாள்.

சிவப்புக்கு ஆளுக்கு அரை நிமிடம் போதும், பிடிக்கிறதா இல்லையா என்று மட்டும். தயவுசெய்து "ஏன்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் மனசில் இருப்பதை விட்டுவிட்டு நியாயம் ஜோடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இதே வரிசையில் மற்ற இரண்டையும் முடித்தபோது மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருந்தது. அன்றைக்கே முடிவெடுக்க விடவில்லை. வெள்ளையில் விட்டுப்போன அந்த ஒரு கேள்வியோடு இரண்டு பேர் விடுதியில் மோட்டார் போடும் அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்.