பழைய இயந்திரத்தின் ஏட்டு நட்டத்தைப் புதியதன் தலையில் கட்டாதீர்கள்

இந்தக் காலாண்டில் என் மேசைக்கு வந்த மூன்றாவது கோப்பு இது. மூன்றிலும் அதே வரி: "பழைய இயந்திரத்தை விற்பதால் வரும் நட்டம்". அந்த ஒரு வரியால் மூன்று நல்ல முடிவுகள் தள்ளிப்போயிருக்கின்றன. முதலீட்டுக் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இந்த வரியை எத்தனை முறை அடித்தாலும் அடுத்த கோப்பில் திரும்ப வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வந்த கோப்பையே எடுத்துக்கொள்கிறேன், எண்களை மட்டும் எளிமையாக்கி. நான்கு ஆண்டுக்கு முன் 20 லட்சத்துக்கு வாங்கிய இயந்திரம். ஆண்டுக்கு 2 லட்சம் தேய்மானம் கழித்ததில் ஏட்டில் 12 லட்சம் நிற்கிறது. இன்று விற்றால் கைக்கு 5 லட்சம் வரும்; விற்பனையின் வரி விளைவை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். புதிய இயந்திரத்தின் விலை 25 லட்சம். மின்சாரம், பழுது, கழிவு எல்லாவற்றிலும் சேர்த்து ஆண்டுக்கு வரி போக 8 லட்சம் மிச்சம், ஐந்து ஆண்டுக்கு. அதன் பிறகு இரண்டுக்குமே விற்பனை மதிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நிறுவனத்தின் விதி: போட்ட பணம் மூன்று ஆண்டுக்குள் திரும்ப வேண்டும். கோப்பைத் தயாரித்தவர் இப்படிப் போட்டிருந்தார்: புதியதன் விலை 25, பழையதை விற்று வருவது கழித்தால் 20, ஏட்டில் நிற்கும் 12-இல் 5 போக வரும் ஏட்டு நட்டம் 7 சேர்த்தால் 27. அதை 8-ஆல் வகுத்தால் மூன்று ஆண்டு நான்கரை மாதம். விதி தாண்டிவிட்டது, நிராகரிப்பு.

அந்த 7 லட்சம் எங்கே போகிறது? யாருக்குக் காசோலை எழுதுகிறீர்கள்? யாருக்கும் இல்லை. அந்தப் பணம் நான்கு ஆண்டுக்கு முன்பே இயந்திரம் விற்றவரிடம் போய்விட்டது. இன்று பழையதை விற்காமல் வைத்துக்கொண்டால் அந்த 7 லட்சம் திரும்பி வருமா? வராது. வரும் ஆண்டுகளில் தேய்மானம் என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏட்டிலிருந்து கழியும், அவ்வளவுதான். மொத்தமாக இன்று எழுதுகிறோமா, தவணையாக எழுதுகிறோமா என்பது மட்டுமே வித்தியாசம்.

இன்னும் நம்பிக்கை வராதவர்கள் இப்படி யோசித்துப் பாருங்கள். அதே இயந்திரத்தை வைத்திருக்கும் இன்னொரு நிறுவனம் வேகமாகத் தேய்மானம் எழுதி, ஏட்டு மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டது. அவர்கள் இன்று 5 லட்சத்துக்கு விற்றால் ஏட்டில் 5 லட்சம் லாபம். உங்களுக்கு 7 லட்சம் நட்டம். இயந்திரம் ஒன்று, விலை ஒன்று, மிச்சமாகும் தொகையும் ஒன்று. கணக்காளர் எந்த வேகத்தில் எழுதினார் என்பதை வைத்து ஒருவர் மாற்ற வேண்டும், மற்றவர் மாற்றக்கூடாது என்று சொல்ல முடியுமா? இதில் ஒரே ஒரு விதிவிலக்கு வரி. ஏட்டு நட்டத்தால் கட்ட வேண்டிய வரி குறையுமானால் அந்தக் குறைவு உண்மையான பணம். அதைச் சேர்க்கத்தான் வேண்டும். சேரும்போது அது புதிய இயந்திரத்துக்குச் சாதகமாகத்தான் விழும்.

ஆக உண்மையான முதலீடு 20 லட்சம். 8-ஆல் வகுத்தால் இரண்டரை ஆண்டு. நிறுவனத்தின் சொந்த விதிப்படியே தேறுகிறது. மூலதனச் செலவு, அதாவது போடும் பணத்துக்கு நிறுவனம் ஆண்டுதோறும் கொடுக்கும் விலை, 12 சதவீதம் என்றால், ஐந்து ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 28.84 லட்சம். 20 கழித்தால் நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது என்பிவி, 8.84 லட்சம். இதைத்தான் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள்.

நட்டத்தை அடித்துத் திருப்பி அனுப்பினேன். அடுத்த வாரம் இன்னொரு கேள்வியோடு வந்தது. விற்பனையாளர் பெரிய மாடல் ஒன்றையும் காட்டியிருக்கிறார்: 45 லட்சம், ஆண்டுக்கு 14 லட்சம் மிச்சம். பழையதை விற்றது போக 40 லட்சம் போட வேண்டும். எது? ஐஆர்ஆர், அதாவது என்பிவியைப் பூஜ்யமாக்கும் வட்டி விகிதம், சிறியதற்கு ஏறத்தாழ 28.6 சதவீதம், பெரியதற்கு 22.1. பணம் திரும்பும் காலத்திலும் சிறியதே முந்துகிறது. பெரியதற்கு இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகும். ஆனால் என்பிவி பெரியதற்கு 10.47 லட்சம். கோப்பில் "மூன்றில் இரண்டு அளவுகோல் சிறியதைச் சொல்கின்றன" என்று எழுதியிருந்தார்கள்.

வாக்கெடுப்பு நடத்தும் இடம் இதுவல்ல. ஐஆர்ஆர் ஒரு விகிதம். எவ்வளவு பணத்தின் மேல் அந்த விகிதம் என்பதை அது சொல்லாது. கேட்க வேண்டியது இதுதான்: சிறியதை விட்டுப் பெரியதற்குப் போக நான் கூடுதலாகப் போடும் 20 லட்சம் என்ன தருகிறது? ஆண்டுக்குக் கூடுதலாக 6 லட்சம். அந்த 20-க்கும் 6-க்கும் மட்டும் ஐஆர்ஆர் போட்டுப் பாருங்கள், 15.2 சதவீதம் வரும். 12 சதவீதத்துக்குக் கிடைக்கும் பணம் 15.2 சம்பாதிக்குமென்றால் பெரியதுதான் சரி. அதே மூலதனச் செலவு 16 சதவீதமாக இருந்தால் முடிவு தலைகீழாகும்: சிறியதன் என்பிவி 6.19, பெரியதற்கு 5.84. அதனால்தான் அந்த 12 எங்கிருந்து வந்தது என்று நான் விடாமல் கேட்கிறேன். "போன வருடக் கோப்பில் இருந்தது" என்பது பதில் ஆகாது. அந்த 20 லட்சத்துக்குக் காத்திருக்கும் வேறு நல்ல வேலை இருந்து, பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால் அதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எக்செல் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள NPV சூத்திரம், கொடுக்கும் முதல் தொகையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்று போடும் முதலீட்டை அதற்குள் சேர்த்தால் மொத்த விடையும் ஓர் ஆண்டு தள்ளிப்போய்ச் சிறுத்துவிடும், 8.84 வர வேண்டிய இடத்தில் 7.89 நிற்கும். குறி மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. முதலீடு B2-இல் மைனஸ் குறியோடு இருந்தால்:

```
=B2+NPV(12%,C2:G2)
```

வங்கி வட்டியை ஆண்டு மிச்சத்தில் கழித்துவிட்டு மறுபடியும் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைக்காதீர்கள். மூலதனச் செலவில் வட்டி ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு முறை கட்டுகிறீர்கள். இரண்டு இயந்திரங்களின் ஆயுளும் வேறு வேறாக இருந்தால் என்பிவியை நேருக்கு நேர் வைக்காதீர்கள். ஆண்டுக்கு எவ்வளவு என்று மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

தயவுசெய்து, கோப்பை அனுப்பும் முன் இரண்டு காகிதங்களை இணைத்துவிடுங்கள். பழைய இயந்திரத்தை இன்று வாங்க ஒருவர் எழுத்தில் தந்த விலை ஒன்று. அதை மாற்றாமல் ஓட்டினால் வரும் ஐந்து ஆண்டில் எந்தப் பெரிய பழுது எந்த ஆண்டில், எவ்வளவில் வரும் என்று பராமரிப்புப் பிரிவு கையெழுத்திட்ட மதிப்பீடு இன்னொன்று. மூன்று கோப்புகளிலும் இந்த இரண்டும் இல்லை. ஏட்டு மதிப்பு மட்டும் காசு வரை சரியாக இருந்தது.