சொல் விளக்கம்: சேம் டு யூ

பண்டிகை நாளில் வரும் வாழ்த்துக்கெல்லாம் நாம் அடிக்கும் பதில் இது. ஆங்கிலத்தில் இது முழு வாக்கியம் அல்ல. ‘நீங்கள் எனக்கு விரும்பியதையே நானும் உங்களுக்கு விரும்புகிறேன்’ என்பதில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டு எஞ்சிய வால். எதை விரும்பினார்கள் என்பதே அதில் இல்லை. அதனால்தான் ஆங்கிலேயர் வாழ்த்துக்கு மட்டுமல்ல, வசவுக்கும் இதே தொடரைத் திருப்பிச் சொல்கிறார்கள்.

‘சேம்’ என்ற சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. வடமொழி வழியே நமக்கு வந்த ‘சமம்’ அதற்குத் தூரத்து உறவு. இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேடுபவர்கள் ‘உங்களுக்கும் அப்படியே’, ‘அவ்வண்ணமே ஆகுக’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதலாவது அந்த ஆங்கிலத் தொடரின் நிழல். இரண்டாவது மேடைப் பேச்சு. ‘சேம்’ செய்யும் வேலையைத் தமிழில் ஒரு சின்ன இடைச்சொல் எப்போதோ செய்துகொண்டிருக்கிறது. அது ‘உம்’. தொல்காப்பியம் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் ஒன்று எச்சம். ‘சாத்தனும் வந்தான்’ என்றால் அவனுக்கு முன்னே வேறொருவன் வந்துவிட்டான் என்பது சொல்லாமலே விளங்கும். ‘உங்களுக்கும்’ என்பதில் இருப்பதும் அந்த எச்சவும்மைதான். எனக்கு வாழ்த்து வந்துவிட்டது, இதோ உங்களுக்கும் என்ற முழுச் செய்தியும் அந்த ஒரே சொல்லில் அடங்குகிறது. ஆகவே நேர்ச்சொல் வேண்டுமென்றால் ‘நன்றி, உங்களுக்கும்!’ போதும்; நெருங்கியவர் என்றால் ‘உனக்கும்’.

இத்தனை பேர் ஒரே படத்தை எல்லாருக்கும் தட்டிவிடும் நாளில், அந்தப் படத்துக்கு இந்தப் பதில் தாராளம். தனக்கென்று ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய வாழ்த்துக்கு அது போதாது. ‘வாழ்’ என்பது தன்வினை, ‘வாழ்த்து’ அதன் பிறவினை. வீழ், வீழ்த்து போல. ஒருவரை வாழச் செய்வது என்பதே சொல்லின் அடி. (பன்மை ‘வாழ்த்துகள்’, நடுவில் க் போட்டால் கள் வாசனை வருகிறது என்று தமிழாசிரியர்கள் கேலி செய்வார்கள்.) யாரை, எந்த வகையில் வாழச் சொல்கிறோம் என்பது இல்லாத பதில் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

‘உங்களுக்கும்’ பொருந்தாத இடங்களும் உண்டு. வயதில் மூத்தவர் வாழ்த்தும்போது அது ஆசி. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று சுவரொட்டியில்கூட எழுதுகிற நாம், பெரியப்பாவுக்கு மட்டும் ‘சேம் டு யூ’ அனுப்புகிறோம். அவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

‘தீபாவளி நல்வாழ்த்துகள். எல்லாரும் சீரும் சிறப்புமா இருக்கணும்.’

இதற்கு:

‘நன்றி பெரியப்பா. உங்க ஆசீர்வாதம் இருந்தாப் போதும். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?’

இதில் வாழ்த்தைத் திருப்பவே இல்லை, ஏற்றுக்கொண்டாயிற்று. அவர் வீட்டில் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்வி பின்னால் வந்திருக்கிறது. அந்தக் கேள்வியை வெட்டி வேறு யாருக்கும் ஒட்ட முடியாது. பதில் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை அதுதான்: பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடிந்தால் அது ‘சேம் டு யூ’வின் தமிழ் வேடம்.

இன்னொன்று, வாழ்த்துபவருக்கு அந்தப் பண்டிகையே இல்லாத நேரம். ‘பெருநாள் வாழ்த்துகள் பாய்’ என்று பக்கத்து வீட்டு அண்ணன் அனுப்பினால், ‘உங்களுக்கும்’ என்பது அவர் கொண்டாடாத நாளை அவர்மேல் போட்டுவிடுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஆனால் வாசிக்காமல் அடித்த பதில் என்று தெரிந்துவிடும். ‘நன்றிண்ணா, ஞாபகம் வச்சு அனுப்பினீங்களே, சந்தோஷம். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க’ என்றால் பொருத்தம். அந்த ஆண்டு துக்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து வாழ்த்து வந்தாலும் பண்டிகையின் பெயரைத் திருப்பிச் சொல்லாமல், ‘நன்றி அக்கா. நாளைக்கு வந்து பாக்குறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சம வயதுத் தோழர்களிடம் இவ்வளவு யோசனை வேண்டாம். ‘உனக்கும்டா. லீவு கெடச்சுதா, இல்ல இந்தத் தடவையும் ஆபீஸ்தானா?’ என்றால் முடிந்தது. குழுவில் ஒருவர் பொதுவாக வாழ்த்தினால் நாற்பது பேரும் வரிசையாகத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கைகூப்பிய படம் போதும், அல்லது அதுவும் இல்லாமலே விட்டுவிடலாம்.