செல்போனில் ஏது கலைப்பொருள்?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர் மேல் பண மோசடி வழக்கு. அவருடைய கைப்பேசியை ஆராய்ந்த அறிக்கையின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "கைப்பேசியின் புகைப்படத்திலிருந்து 3 உலாவல் கலைப்பொருட்கள் கைப்பற்றப்பட்டன." கணக்கரின் மாமா அதைப் படித்துவிட்டு, "தோடர் சால்வை ஏதாவது காணாமப் போச்சா சார்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. ஊட்டியில் கலைப்பொருள் என்றால் அதுதான் நினைவுக்கு வரும். இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது முதல் தடவையும் அல்ல.

ஆங்கில அறிக்கையில் அந்த இடத்தில் இருந்த சொல் ஆர்ட்டிஃபாக்ட். அது லத்தீனிலிருந்து வந்தது. 'ஆர்த்தே' என்றால் திறனால், 'ஃபாக்தும்' என்றால் செய்யப்பட்டது. தொல்லியலில் அது மனிதர் செய்த பொருள். கணினித் தடயவியலில், ஒரு செயலி தன் வேலையைச் செய்யும்போது தன்போக்கில் விட்டுச் செல்லும் பதிவு. 'ஆர்ட்' என்று கண்ணில் பட்டதும் கலை என்று எழுதிவிடுகிறார்கள்.

கலைப்பொருளாவது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்பு. எனக்குப் பயம் 'தடயம்' மேல்தான். தடயவியல் என்ற பெயர் நிலைத்துவிட்டதால், அதில் கிடைப்பதெல்லாம் தடயம் என்று எழுதுகிறார்கள். நம் காதில் தடயம் என்பது குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பது. "3 தடயங்கள் கிடைத்தன" என்று எழுதினாலே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

நான் சொல்லும் சொல் எச்சம். பறவை எச்சமா என்று சிரிக்கலாம், சரி. வனக்காவலர் எச்சத்தைப் பார்த்துத்தான் என்ன விலங்கு வந்தது, எதைத் தின்றது என்று சொல்கிறார். அதைவிட, நம் இலக்கணத்தில் பெயரெச்சம் என்று ஒன்று இருக்கிறதே! 'பார்த்த' என்ற சொல்லில் பார்த்தல் நடந்தது தெரிகிறது, யார் என்ற பெயர் இன்னும் வரவில்லை. உலாவிப் பதிவும் அப்படித்தான். அது 'பார்த்த' என்பதோடு நிற்கும்.

அந்த 3 பதிவுகளையே எடுத்துக்கொள்வோம். மூன்றும் ஒரு வங்கிப் பக்கத்துக்குப் போனவை. க்ரோம் இவற்றை History என்ற தரவுத்தளத்தில் visits என்ற அட்டவணையில் எழுதுகிறது. நேரம் 1601 ஜனவரி 1 முதல் ஓடும் மைக்ரோநொடிக் கணக்கு, அதுவும் உலகப் பொது நேரத்தில். ஒரு பதிவில் இருந்த எண் 13386019320000000. அதை மாற்றும் வழி இது:

```
SELECT datetime(visit_time/1000000 - 11644473600,
       'unixepoch') FROM visits;
```

விடை 2025-03-09 18:42:00. அறிக்கை அதை அப்படியே "9ஆம் தேதி மாலை 6.42" என்று எழுதியிருந்தது. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் 10ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.12. தேதியே மாறிவிட்டது.

அடுத்தது இன்னும் பெரிது. புதிய க்ரோம் பதிப்புகளில் அதே அட்டவணையில் originator_cache_guid என்று ஒரு நெடுவரிசை உண்டு. அந்தக் கைப்பேசியிலேயே நடந்த வருகை என்றால் அது காலியாக இருக்கும். ஒரே கூகுள் கணக்கு இன்னொரு கணினியிலும் திறந்திருந்து, அங்கிருந்து ஒத்திசைவில் வந்த வருகை என்றால் அந்தக் கருவியின் அடையாளம் அதில் இருக்கும். இந்த 3 பதிவுகளில் 2இல் அது நிரம்பியிருந்தது. தொழிற்சாலைக் கணினியில் கணக்கரின் கணக்கு திறந்தே கிடக்குமாம், பலரும் உட்காரும் கணினி. 'பார்த்த' யார்?

அப்புறம் அந்தப் 'புகைப்படம்'. இமேஜ் என்பது இங்கே சேமிப்பகத்தின் முழுநகல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில், நகலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும், அதைக் கணக்கிட்ட முறையையும் (SHA-256 போல) எழுத வேண்டும். கருவிக்குப் பொறுப்பானவர் ஒரு பகுதியிலும் நிபுணர் இன்னொரு பகுதியிலும் கையெழுத்திட வேண்டும். புகைப்படத்துக்கு ஹாஷ் என்று எழுதினால், நீதிமன்றத்தில் எந்தப் படம் என்று தேடுவார்கள். முழுநகலை எடுத்ததும் ஹாஷ் குறித்துவிட்டு, வேலையை அதன் பிரதியில்தான் செய்ய வேண்டும். பல செயலிகளின் தரவுத்தளத்துக்குப் பக்கத்தில் -wal என்று முடியும் ஒரு கோப்பு கிடக்கும், தரவுத்தளத்தில் இன்னும் சேராத மாற்றங்கள் அதில் இருக்கும். தரவுத்தளத்தைச் சாதாரணமாகத் திறந்து மூடினாலே அது உள்ளே கலந்து மறைந்துவிடலாம். அழித்த செய்தியின் பழைய வடிவம் அதில் இருந்திருக்கலாம்.

'கைப்பற்றப்பட்டன' என்பதையும் அடித்தேன். போலீஸ் கைப்பற்றியது கைப்பேசியை. பதிவுகளை நிபுணர் மீட்டெடுத்தார், அவ்வளவுதான். திருத்திக் கொடுத்த வரி: "கைப்பேசியின் முழுநகலிலிருந்து 3 உலாவல் எச்சங்கள் மீட்டெடுக்கப்பட்டன, அவற்றில் 2 வேறொரு கருவியிலிருந்து ஒத்திசைவில் வந்தவை." மாமா அதைப் படித்துவிட்டுச் சால்வையைப் பற்றிக் கேட்கவில்லை. "அந்தக் கம்ப்யூட்டரை யாராவது பார்த்தாங்களா சார்?" என்றார்.