120-ஆ, 720-ஆ? தவறான விடைகள் பிறக்கும் இடம்

சில ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த வினாத்தாளில் இப்படி ஒரு கேள்வி இருந்தது: “பத்து மாணவர்களில் மூவருக்குப் பரிசு வழங்க வேண்டும். எத்தனை வழிகளில் வழங்கலாம்?” கீழே நான்கு விடைகள்: 120, 220, 720, 1000. விடைக்குறிப்பில் 720 என்று போட்டிருந்தேன். அன்று மாலையே ஒரு மாணவி தாளோடு வந்து நின்றாள். “ஐயா, மூன்று பரிசும் ஒரே மாதிரியா, வேறு வேறா? கேள்வியில் அது இல்லையே” என்றாள். திரும்பப் படித்துப் பார்த்தேன். இல்லைதான். என் மனத்தில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு என்று இருந்தது. தாளில் வெறும் ‘பரிசு’ என்று இருந்தது. 120 என்று எழுதியவர்களுக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியதாயிற்று.

வரிசையைக் கணக்கில் எடுக்கும் வரிசை மாற்றம், வரிசையைப் பொருட்படுத்தாத சேர்வு என்ற பாடத்தில் மாணவர்கள் தவறுவது பெருக்கலிலோ வகுத்தலிலோ அல்ல. கேள்வி எதை எண்ணச் சொல்கிறது என்பதில்தான். கேள்வி எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் தவறான விடைகளை நாங்கள் கைக்கு வந்தபடி போடுவதில்லை. கேள்வியைத் தவறாகப் படித்தவருக்கு எந்த எண் வருமோ, அதையே போடுகிறோம். கணக்கு முடிந்ததும் தன் விடை கீழே இருப்பதைப் பார்த்து அவர் நிம்மதியடைய வேண்டும். வலையே அந்த நிம்மதிதான்.

மேலே சொன்ன நான்கு எண்களையும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குச் சரியான விடை.

முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகள் என்றால் முதல் பரிசுக்குப் பத்துப் பேர், இரண்டாவதற்கு மீதி ஒன்பது பேர், மூன்றாவதற்கு எட்டுப் பேர். 10×9×8 = 720. மூன்று பரிசும் ஒரே மாதிரியான பேனா என்றால், கவிதா, ரவி, அன்வர் மூவரும் பெறுவது ஒரே ஒரு நிகழ்வு. ஆனால் மேலே உள்ள பெருக்கல் இந்த மூவரையும் ஆறு முறை எண்ணியிருக்கிறது: கவிதா முதலில், ரவி முதலில் என்று மூவரும் இடம் மாறி நிற்கும் 3×2×1 வழிகள். எனவே 720-ஐ 6-ஆல் வகுத்தால் 120.

ஒருவரே எத்தனை பரிசு வேண்டுமானாலும் பெறலாம் என்று சொல்லிவிட்டால் கதை மாறுகிறது. கட்டுரைக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று மூன்று தனித்தனிப் பரிசுகள் இருந்து, மூன்றையும் கவிதாவே அள்ளிக்கொண்டு போகலாம் என்றால் 10×10×10 = 1000.

இனி 220. ஒரே மாதிரியான மூன்று பேனாக்கள், ஒருவருக்கு எத்தனையும் போகலாம். இங்கேதான் பலர் 1000-ஐ 6-ஆல் வகுக்கப் பார்ப்பார்கள், 166.67 வரும், உடனே விழிப்பார்கள். எல்லாமே ஆறு ஆறு முறை எண்ணப்பட்டிருந்தால்தான் 6-ஆல் வகுக்கலாம். பெற்றவர்கள் மூவரும் வெவ்வேறு என்றால் அந்தச் சேர்வு 1000-க்குள் ஆறு முறை இருக்கிறது. கவிதாவுக்கு இரண்டும் ரவிக்கு ஒன்றும் என்றால் மூன்று முறைதான். மூன்றும் கவிதாவுக்கே என்றால் ஒரே முறை. இந்த மூன்று வகைகளிலும் முறையே 120, 90, 10 சேர்வுகள் உண்டு. 120×6, 90×3, 10×1 ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக 1000 வருகிறது. நமக்கு வேண்டியது 120 + 90 + 10 = 220.

என் கேள்வியில் ‘மூவருக்கு’ என்ற சொல் இருந்ததால் 220-உம் 1000-உம் முன்பே விழுந்துவிட்டன. 120-க்கும் 720-க்கும் நடுவில் முடிவு சொல்ல வேண்டிய சொல்தான் காணாமல் போயிருந்தது.

இதற்குப் பலர் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘தேர்ந்தெடு’ என்று வந்தால் சேர்வு, ‘வரிசை’, ‘அடுக்கு’ என்று வந்தால் வரிசை மாற்றம். இதை நம்பவே கூடாது என்பேன். “பத்துப் பேரிலிருந்து தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்ற கேள்வியில் ‘தேர்ந்தெடு’ இருக்கிறது, விடை 720. இன்னொன்று: “1 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைக் கொண்டு, இலக்கங்கள் இடமிருந்து வலமாக ஏறுவரிசையில் அமையும் மூன்றிலக்க எண்கள் எத்தனை உருவாக்கலாம்?” வரிசை என்ற சொல்லே கேள்வியில் நிற்கிறது, போதாக்குறைக்கு இது எண்களைப் பற்றியது, எண்ணில் இடம் மாறினால் மதிப்பு மாறும். 9×8×7 = 504 என்று போட்டு, கீழே 504-ஐயும் கண்டுபிடித்து விடுவார்கள். ஆனால் 2, 5, 8 என்ற மூன்று இலக்கங்களை எடுத்த பிறகு நமக்கு வேலையே இல்லை. 258 என்று ஒரே விதமாகத்தான் எழுத முடியும். வரிசையைக் கேள்வியே முடிவு செய்துவிட்டது. மூன்று இலக்கங்களை எடுப்பது மட்டுமே நம் பொறுப்பு, ஆகவே 504-ஐ 6-ஆல் வகுத்து 84.

சொல்லைத் தேடுவதைவிட, ஒரு விடையைக் கையில் எடுத்து அதற்குள் இரண்டு பேரை இடம் மாற்றிப் பார்ப்பது நல்லது. மாற்றிய பிறகு கேள்வி கேட்டவருக்கு அது வேறொன்றாகத் தெரியுமா? தெரியும் என்றால் வரிசைக்கு மதிப்பு உண்டு. தெரியாது என்றால் இல்லை. தலைவரும் செயலாளரும் இடம் மாறினால் சங்கமே கலகலத்துப் போகும். 258-இல் 2-ஐயும் 5-ஐயும் மாற்றினால் 528 வரும், அது ஏறுவரிசையிலேயே இல்லை; ஆகவே இன்னொரு விடையாக அது கணக்கில் வராது.

இந்த இரண்டு வகையும் ஒரே பழைய நூலில் அருகருகே இருப்பது எனக்குப் பிடித்த செய்தி. 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் அறுசுவைக் கணக்கு ஒன்று உண்டு. ஆறு சுவைகளில் ஒன்றையோ பலவற்றையோ கலந்து எத்தனை வகை செய்யலாம்? ஒரு சுவை, இரு சுவை என்று ஆறு சுவை வரை எடுக்கும் வழிகளை 6, 15, 20, 15, 6, 1 என்று கூட்டினால் 63. புளியோடு உப்பைச் சேர்த்தாலும் உப்போடு புளியைச் சேர்த்தாலும் நாக்குக்கு ஒன்றே. அதே நூலில், நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றை மாற்றி மாற்றி ஏந்தினால் திருமாலுக்கு எத்தனை வடிவங்கள் என்ற கேள்வியும் வருகிறது. 4×3×2×1 = 24. இங்கே இடம் மாறினால் உருவமே வேறு. சிற்ப மரபில் கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் இருபத்துநான்கு திருவுருவங்களைப் பிரித்துக் காட்டுவது எந்தக் கையில் எது இருக்கிறது என்பதுதான். பெயரே மாறிவிடுகிறபோது, வரிசை முக்கியமா என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை ஆட்களுக்கு மட்டுமல்ல, குழுக்களுக்கும் பொருந்தும். பதினான்கு பேர் கபடிக்கு வந்திருக்கிறார்கள். ஏழு பேரை எடுத்தால் மீதி ஏழு பேர் எதிரணி. பதினான்கு பேரில் ஏழு பேரை எடுக்கும் வழிகள், அதாவது 14C7 = 3432. “சிவப்பு அணி, நீல அணி என்று பிரிக்க வேண்டும்” என்றால் இதுவே விடை. “இரண்டு அணிகளாகப் பிரிக்க வேண்டும்” என்று மட்டும் இருந்தால்? இரண்டு அணிகளையும் அப்படியே இடம் மாற்றுங்கள். விளையாட்டில் எதுவும் மாறவில்லை. ஒவ்வொரு பிரிவினையும் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. விடை 1716. கேள்வியில் இரண்டு நிறங்களின் பெயர் இருக்கிறதா என்பதைப் பொறுத்து விடை பாதியாகிறது. தேர்வு அவசரத்தில் அந்த நிறங்களை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்களுக்காகவே இரண்டு எண்களும் கீழே வைக்கப்படுகின்றன.

இதுவரை சொன்னவற்றில் வரிசை கேள்வியின் சொற்களில் இருந்தது. கேள்வியில் இல்லாத வரிசையை நாமே கொண்டுவந்து நுழைப்பதும் உண்டு. நல்ல மாணவர்களும் விழும் இடம் அது. ஆறு ஆண்கள், நான்கு பெண்கள். குறைந்தது இரண்டு பெண்களாவது இருக்கும்படி நால்வர் குழு அமைக்க வேண்டும். பெரும்பாலோர் இப்படி யோசிப்பார்கள்: முதலில் இரண்டு பெண்களை எடுத்து நிபந்தனையை முடித்துவிடுவோம், 4C2 = 6. மீதி எட்டுப் பேரில் யாரையாவது இருவரை எடுப்போம், 8C2 = 28. 6×28 = 168. இரண்டு இடத்திலும் சேர்வுதான் பயன்படுத்தினோம், வரிசை எங்கும் வரவில்லை என்று தோன்றும். கீழே 168-உம் காத்திருக்கும்.

நான்கு பெண்களும் இடம்பெறும் குழுவை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாத்திமா, செல்வி, மேரி, தேவகி. அப்படி ஒரே ஒரு குழுதான் அமையும். 168-க்குள் அது எத்தனை முறை இருக்கிறது? பாத்திமாவும் செல்வியும் ‘முதலில் எடுத்தவர்கள்’, மேரியும் தேவகியும் ‘மீதியில் எடுத்தவர்கள்’ என்று ஒரு முறை. மேரியும் தேவகியும் முதலில், மற்ற இருவர் பிறகு என்று இன்னொரு முறை. இப்படி ஆறு முறை. முதலில், பிறகு என்ற பிரிவு கேள்வியில் கிடையாது. கணக்குப் போட்டவர் தன் வசதிக்காக உண்டாக்கியது. ஆனால் பெருக்கல் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டது.

பெண்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரித்தால் இந்தத் தொல்லை இல்லை. சரியாக இரண்டு பெண்கள் என்றால் 6×15 = 90; மூன்று பெண்கள் என்றால் 4×6 = 24; நால்வரும் பெண்கள் என்றால் 1. மொத்தம் 115. தவறான எண்ணையும் இதே பகுதிகளால் பிரித்துக் காட்டலாம்: இரண்டு பெண்கள் உள்ள 90 குழுக்கள் ஒரு முறை, மூன்று பெண்கள் உள்ள 24 குழுக்கள் மூன்று மூன்று முறை, கடைசிக் குழு ஆறு முறை. 90 + 72 + 6 = 168. மிகையாக வந்த 53-உம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடுகிறது. 168-ஐ எந்த ஒரே எண்ணால் வகுத்தும் இதைச் சரிசெய்ய முடியாது. பேனாக் கணக்கில் 1000-ஐ 6-ஆல் வகுக்க முடியாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

அன்று தாளோடு வந்த மாணவிக்கும் இந்தக் குழுக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். 168 என்று எழுதினாள். சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெயர்களை எழுதத் தொடங்கினாள். மூன்றாவது பெயர்ப் பட்டியலில் பேனாவை நிறுத்தி, “இது முன்பே வந்துவிட்டதே ஐயா” என்றாள்.