ஆளில்லாத தாழ்வாரத்தில் விளக்கு ஏன் எரிகிறது?

ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு நடு ராத்திரியில் யாருமில்லாமல் எரிந்தால், நாம் முதலில் சென்சாரில் இருக்கும் சென்சிட்டிவிட்டி திருகைத்தான் குறைக்கிறோம். அடுத்த நாள் உண்மையிலேயே ஆள் நடக்கும்போது விளக்கு எரிவதில்லை. மறுபடி கூட்டுகிறோம். திருகை எவ்வளவு திருப்பினாலும் இந்தச் சுற்று முடிவதில்லை, ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. சென்சார் எதைப் பார்க்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்கிறது, அதற்கு மின்சாரம் எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். திருகைக் கடைசியில் தொட்டால் போதும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பழைய தமிழ் வீடு ஒன்று. தெருவாசல் தாண்டினால் முற்றம், அதை ஒட்டி ஏழு மீட்டர் நீளத் தாழ்வாரம். ஒரு பக்கம் அறைகளின் சுவர், மறுபக்கம் மரத்தூண்கள், அதற்கப்பால் திறந்த முற்றம். பின்கட்டு வாசலுக்கு மேலே, தெருவாசலைப் பார்த்தபடி சென்சார் பெட்டி. உள்ளே HC-SR501 என்ற சின்ன சென்சார் போர்டு, அது சொன்னபடி பல்பைப் போட்டு அணைக்கும் ஒரு ரிலே, இரண்டுக்கும் சேர்த்து ஒரே 5 வோல்ட் போன் சார்ஜர். பெட்டிக்கு ஒரு சாண் மேலே எல்இடி பல்ப். "ஆளே இல்ல தம்பி, ராத்திரி பூரா எரியுது, அணையுது. கரண்ட் பில்லைவிட தூக்கம்தான் போவுது" என்றார் வீட்டுக்கார அக்கா. அவருடைய அறை ஜன்னல் அந்தப் பல்புக்கு நேர் எதிரே.

இந்த சென்சார் எதைப் பார்க்கிறது? எல்லாப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை வெளியிடுகிறது. மனித உடல் வெளியிடும் கதிர் 9, 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அதிகமாக இருக்கும். சென்சாரின் நடுவிலுள்ள சிறு உலோக டப்பிக்குள், கதிர் கூடினாலோ குறைந்தாலோ மின்னூட்டம் தரும் படிகத் துண்டுகள் இரண்டு, ஒன்றுக்கொன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை மொத்தமும் மெதுவாகச் சூடானால் இரண்டும் ஒரே அளவு மாறி ஒன்றையொன்று அடித்துவிடும். ஓர் ஆள் குறுக்கே போனால் முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று கதிர் விழும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் போர்டிலுள்ள BISS0001 சிப் ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி, ஓர் எல்லையைத் தாண்டினால் 'ஆள் வந்தாச்சு' என்கிறது.

மேலே இருக்கும் வெள்ளைக் குமிழ் வெறும் மூடி என்று நினைத்துவிட வேண்டாம். அது பல சிறு லென்ஸ்கள் சேர்ந்த பிளாஸ்டிக். ஒவ்வொரு சிறு லென்ஸும் எதிரே ஒரு பட்டையை மட்டும் படிகத்தின்மேல் குவிக்கும். பட்டைகளுக்கு நடுவே பார்வை இருக்காது. அழிக்கம்பி போட்ட திண்ணையிலிருந்து தெருவைப் பார்ப்பது போலத்தான்: தெருவோடு போகிறவர் கம்பிக்குக் கம்பி மறைந்து மறைந்து தெரிவார், நம்மை நோக்கி நேரே வருகிறவர் ஒரே இடைவெளியில் நின்றபடி தெரிவார். சென்சாருக்கும் இதே கதி. குறுக்கே நடப்பவர் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருப்பதால் சமிக்ஞை பலமாக வரும். நேரே வருகிறவரிடமிருந்து மிகச் சன்னமாகத்தான் வரும்.

இப்போது அந்த வீட்டைப் பாருங்கள். தாழ்வாரத்தின் கோடியில் மாட்டியதால், நடப்பவர்கள் எல்லாரும் சென்சாரை நோக்கியோ அதிலிருந்து விலகியோதான் நடக்கிறார்கள். சமிக்ஞை போதவில்லை. அதனால் சென்சிட்டிவிட்டி உச்சத்தில் வைக்கப்பட்டிருந்தது. உச்சத்தில் வைத்த சென்சாரின் எதிரே 100 டிகிரிக்கு மேல் விரிந்த பார்வை: முற்றம், துணிக்கொடி, திறந்த தெருவாசல், வாசலில் போகும் வண்டிகள்.

நம் கடலோரத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இதில் சேர்ந்துகொள்கிறது. சென்சாருக்கு உடலின் வெப்பம் மட்டும் போதாது, உடலுக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் உள்ள வித்தியாசம் வேண்டும். தோல் சுமார் 33, 34 டிகிரி. மார்கழி விடியலில் சுவர் 23, 24 டிகிரியில் இருந்தால் பத்து டிகிரி வித்தியாசம், பூனை நடந்தாலும் தெரியும். அக்னி நட்சத்திரத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் மாலையில் 33, 34 டிகிரியில் நிற்கும்போது ஆளும் சுவரும் சென்சாருக்கு ஒன்றுதான். மே மாதத்தில் 'வேலை செய்யவில்லை' என்று கூட்டி வைத்த திருகு, ஐப்பசியில் காற்று குளிர்ந்ததும் அசைவதற்கெல்லாம் விளக்கைப் போடுகிறது. அக்கா வீட்டிலும் தொல்லை மழைக்காலத்தில்தான் தொடங்கியிருந்தது.

சரி, காரணத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் டைம் திருகைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து நிமிடம் எரிகிற விளக்கில் எத்தனை தவறு நடந்தது என்று எண்ண முடியாது. சில நொடிகளில் அணைந்தால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். பிறகு லென்ஸைத் தடித்த அட்டையாலும் அதன்மேல் அலுமினியத் தாளாலும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். மெல்லிய பாலித்தீன் பையோ செல்லோ டேப்போ போதாது, இந்தக் கதிர் அவற்றைக் கொஞ்சமாவது ஊடுருவும். மின்சாரம் கொடுத்து முதல் ஒரு நிமிடத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். படிகமும் சிப்பும் நிலைக்கு வரும்வரை ஓரிரு முறை தானாக எரியும், கரண்ட் போய் வந்த பிறகும் அப்படித்தான். அதற்குப் பிறகும் மூடிய சென்சார் விளக்கைப் போட்டால், காரணம் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் அல்லது பெட்டிக்குள் வரும் காற்று. எரியவே இல்லை என்றால் காரணம் பார்வையில் இருக்கிறது.

இந்த வீட்டில் இரண்டும் இருந்தன. மூடிய நிலையிலும், விளக்கு அணைந்து மூன்று நொடி போல ஆனதும் மறுபடி எரிந்தது. இந்த ஒழுங்கு ஒரு முக்கியமான தடயம். காற்றும் பல்லியும் கடிகாரம் பார்த்து வராது. அணைந்தவுடன் ஒரே இடைவெளியில் திரும்ப எரிந்தால், அணைக்கும் செயலே சென்சாரை உசுப்புகிறது என்று பொருள். ரிலே விடுபடும்போது அதே சார்ஜர் கம்பியில் மின்னழுத்தம் ஒரு கணம் குலுங்கும். ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கும் சிப்புக்கு அந்தக் குலுக்கலும் ஆள் நடமாட்டமும் ஒன்றுபோலத் தெரியும். இதற்காகவே விளக்கு அணைந்தபின் சுமார் இரண்டரை நொடி சிப் எதையும் கவனிக்காது. குலுக்கல் அதற்குள் அடங்காவிட்டால்தான் தொல்லை.

சார்ஜரிலிருந்து சென்சாருக்கும் ரிலேக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து, சென்சார் போர்டின் மின்முனைகளுக்கு இடையே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கூட்டல் கழித்தல் பார்த்து வைத்ததும் அது நின்றது. ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், கடையில் விற்கும் ரிலே போர்டுகளில் பெரும்பாலும் இருக்கும். வைஃபை போர்டு எதையாவது அதே பெட்டிக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள், அதன் ரேடியோ அலையும் இதே வேலையைச் செய்யும். ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் ஓடுகிறது. மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது.

இனி பார்வை. லென்ஸைத் திறந்ததும், ஒழுங்கில்லாமல், காற்று வீசும்போதெல்லாம் எரிந்தது. காற்றையே சென்சார் பார்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த அலைநீளத்தில் காற்று ஏறக்குறைய முழுத் தெளிவானது, சென்சாருக்கு அது தெரியாது. காற்று அசைக்கும் பொருள்தான் தெரியும். கொடியில் ஈரச்சேலை தொங்குகிறது. ஈரம் ஆவியாவதால் அது பின்சுவரைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்கும். கடற்காற்றில் ஆடும்போது பட்டைகளைக் குறுக்கே கடக்கிறது. சூடான ஆள் கடப்பதும் குளிர்ந்த சேலை கடப்பதும் சென்சாருக்குச் சமம், வித்தியாசம் மட்டும் போதும். வாழையிலை, ஜன்னல் திரை எல்லாம் இப்படித்தான். காற்று நேரடியாகக் கெடுப்பது ஒரு வழியில்: கம்பி வரும் குழாய் வழியாகப் பெட்டிக்குள் புகுந்து டப்பியைக் குளிர வைக்கும்போது. குழாய் வாயை சிலிக்கோன் பசையால் அடைத்துவிட்டால் தீர்ந்தது. எறும்பும் வராது.

பல்லியின் விஷயம் வேறு. அதன் உடம்பு சுற்றுப்புறச் சூட்டிலேயே இருப்பதால் தூரத்தில் தெரியாது. ஆனால் பல்புக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி லென்ஸ் மேலேயே ஏறினால் பார்வையின் ஒரு பகுதியை மறைத்துவிடும். சென்சாரைப் பல்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வதற்கு, பல்பின் சூட்டோடு இதுவும் ஒரு காரணம்.

கடைசியில் பெட்டியைக் கோடியிலிருந்து எடுத்து, தாழ்வாரத்தின் நடுவிலுள்ள மரத்தூணில், முற்றத்துக்கு முதுகைக் காட்டி, உள்சுவரைப் பார்த்தபடி மாட்டினோம். சேலை பின்னால் போயிற்று, தெருவாசல் பார்வைக்கு வெளியே போயிற்று. எதிரே ஒன்றரை மீட்டரில் வெயில் படாத சுவர். சுவரில் சுமார் நான்கு மீட்டர் நீளம் பார்வைக்குள் வருகிறது. இரு கோடியிலிருந்தும் ஒன்றரை மீட்டர் நடந்தபின்தான் விளக்கு எரியும், அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. நடக்கிற எல்லாரும் இப்போது குறுக்கே நடக்கிறார்கள். ஓர் அறையின் திரை மட்டும் பார்வைக்குள் ஆடியது. லென்ஸின் அந்தப் பக்கத்துச் சிறு லென்ஸ்களின் மேல் அலுமினிய டேப்பை வெட்டி ஒட்டினோம். தூண் இல்லாத நீண்ட தாழ்வாரமானால், லென்ஸ் உள்ளே நுழையும் அளவுள்ள பிவிசி குழாய்த் துண்டைக் குமிழைச் சுற்றி வைக்கலாம். போர்டிலிருந்து 3 செ.மீ. நீட்டினால் பார்வை சுமார் 50 டிகிரிக்குச் சுருங்கும்.

அதற்கப்புறம்தான் திருகு. சென்சாரின் எல்லை 3 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை. இங்கே தேவை ஒன்றரை மீட்டர்தான் என்பதால் குறைந்தபட்சத்திலேயே ஆள் தெரிந்தது. எந்தப் பக்கம் திருகினால் குறையும் என்பதை நடந்து பார்த்தே முடிவு செய்யுங்கள். போர்டின் ஓரத்தில் ஜம்பர் என்ற சிறு இணைப்புத் துண்டு இருக்கும். அதை H பக்கம் போட்டால், ஆள் அசைந்துகொண்டிருக்கும்வரை நேரம் புதிதாகத் தொடங்கும். L பக்கம் போட்டால், ஆள் இருக்கும்போதே அணைந்து மறுபடி எரியும். தாழ்வாரத்துக்கு H, ஒரு நிமிடம் போல நேரம்.

மே மாத மாலைகளில் மட்டும், சுவர் உடல் சூட்டை எட்டும் அந்த ஓரிரு மணி நேரம், இந்த அமைப்பும் சில சமயம் ஆளைத் தவறவிடும். அதற்காக ரேடார் வகை சென்சாருக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வெப்பம் பற்றிக் கவலையில்லை, ஆனால் அதன் அலை மரக்கதவையும் மெல்லிய சுவரையும் தாண்டிப் பார்க்கும். தெருவை ஒட்டிய வீட்டில் வெளியே போகிற பைக்குக்கும் விளக்கு எரியும். அக்கா வீட்டில் அந்த நேரத்துக்குச் சாதாரண சுவிட்ச் ஒன்றை ரிலேக்கு இணையாகப் போட்டுக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன்.